4சி வீட்டுக்கு ரெண்டு பிடி கீரை

அந்த மெசேஜை நான் ஏழு தரம் எழுதி ஏழு தரம் அழித்தேன். முதலாவது வேலை விண்ணப்பம் மாதிரி இருந்தது, மூன்றாவது மரண அறிவித்தல் மாதிரி. எட்டாவதை என் மனைவி பிரஷாந்தி எட்டிப் பார்த்து, "மரக்கறி விக்கப் போறீங்களா, மகாநாடு வைக்கப் போறீங்களா?" என்றாள். அதைத்தான் அனுப்பினேன்.

கல்லடிப் பக்கம் வாவியைப் பார்த்தபடி நிற்கிற நாலு மாடிக் கட்டடம் அது. மாடிக்கு நாலாகப் பதினாறு வீடு. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சுலோஜனா, ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்குப் போன மெசேஜ் இது:

"வணக்கம் டீச்சர். வெல்லாவெளியில் ஐந்து குடும்பங்களாக மரக்கறி செய்கிறோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிடுங்கி, சனி காலை ஏழு மணிக்குள் உங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருவோம். வீட்டுக்கு ரெண்டு துணிப்பை, வீட்டு நம்பர் தைத்தது. நிறைந்த பை வரும், வெறும் பை திரும்பும். வேண்டியது, வேண்டாதது வியாழன் பின்னேரத்துக்குள் சொல்ல வேண்டும். காசு மாத முடிவில் போதும். குறைந்தது பன்னிரண்டு வீடு சேர்ந்தால்தான் லொறி வரும். வீட்டில் ஆளில்லாவிட்டாலும் பரவாயில்லை, பை கதவுப்பிடியில் தொங்கும். ஒருமுறை சேர்ந்தால், சேர்ந்தவர் தானே நிறுத்தச் சொல்லும்வரை தொடரும்."

கடைசி ரெண்டு வசனத்தையும் எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். என்ன ஒரு வியாபார மூளை!

பன்னிரண்டு என்றது சும்மா இல்லை. அதற்குக் குறைந்தால் பட்டா எனும் குட்டி லொறிக்காரர் வெல்லாவெளியில் இருந்து வண்டியை எடுக்கமாட்டார். எடுக்காவிட்டால் ஐந்து குடும்பத்தின் கத்தரியும் வெண்டியும் பழையபடி சந்தை மொத்த வியாபாரியின் காலடியில். அந்தக் குடும்பங்களை, "நான் பாத்துக்கொள்றன்" என்று மார்தட்டிச் சேர்த்தவன் நான். வேறு யாரும் தட்டவில்லை.

டீச்சர் பதில் போட்டார்: "கமிட்டி சம்மதம். ஒரு மாதம் பரீட்சார்த்தமாக. வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். குழுவில் இல்லாதவர்கள் கேற்றடியில் தாளில் எழுதலாம்."

வியாழன் பின்னேரம் குழுவில் பதினொரு வீடு. திரும்பத் திரும்ப எண்ணினேன், ஒன்று குறைவு. அப்போதுதான் காவலாளி றிஸ்லான் கேற்றடித் தாளைப் படம் பிடித்து அனுப்பினார். அதில் ஒரே ஒரு வரி, மணி மணியான எழுத்து:

"4சி. கீரை ரெண்டு பிடி. பாகற்காய் வேண்டாம்."

"பன்னிரண்டு!" என்று கத்தினேன். அடுப்படியில் இருந்து பிரஷாந்தி, "காது கேக்குது, நான் சந்தையில இல்ல" என்றாள்.

முதல் சனி றிஸ்லானே என்னை மேலே கூட்டிப்போனார். ஐம்பது வயது மனுசன், பைகளில் பாதியைத் தானே தூக்கினார். ஆனால் மூன்றாம் மாடிப் படியில் நின்றுவிட்டார்.

"மேல நீங்க போய்ட்டு வாங்க அண்ணன்."

"முழங்காலா?"

"ஓம், அப்பிடித்தான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நாலாம் மாடியில் பை கேட்டது ஒரு வீடுதான். நடைபாதை முழுக்க வாவிக்காற்று. 4சி கதவில் செருப்பில்லை, கால்மிதி இல்லை. பிடியில் தூசி விரல் தடிப்புக்கு. பையைத் தொங்கவிட்டு வந்தேன்.

அடுத்த சனி மற்ற வீட்டுப் பைகள் வெங்காயத் தோலோடும் கத்தரிக் காம்போடும் வந்தன. 4சியின் பை மட்டும் தோய்த்து, நாலாக மடித்து, பிடியில் இருந்தது. இன்னும் ஈரம். பிடியில் தூசி அப்படியே இருந்தது, யாரும் தொடாத மாதிரி. தூசியைவிட மடிப்பைத்தான் நான் கவனித்தேன். புத்தி அவ்வளவுதான். கீழே வந்து, "இந்தக் கட்டடத்தில மரியாதை தெரிஞ்ச மனுசர் ஒரு வீட்டிலதான் இருக்காங்க" என்றேன். றிஸ்லான் வாய்க்குள் ஏதோ ஓதினார்.

மூன்றாம் சனி மற்றுமொரு சங்கதி. முந்தின வாரம் அவசரத்தில் அந்தப் பைக்குள் ரெண்டு பாகற்காய் போட்டுவிட்டேன் போல. மடித்த பைக்குள் அவை திரும்பி வந்திருந்தன. ஏழு நாளான பாகற்காய் மஞ்சளாகி வெடிக்கும். இவை ரெண்டும் பச்சை மாறாமல், காம்பில் ஈரம் காயாமல், இப்போதுதான் கொடியில் பிடுங்கின மாதிரி. கையில் எடுத்தேன். ஐஸ் குளிர். அன்றைக்குப் படியை ஒன்றுவிட்டொன்று தாவி இறங்கினேன். அவசர வேலை என்று றிஸ்லானிடம் சொன்னேன்.

மாத முடிவில், பரீட்சார்த்தத்தை நீடிப்பதா என்று பேச டீச்சர் கீழ் மண்டபத்துக்கு வரச் சொன்னார். என் பட்டியலைக் கண்ணாடி போட்டு வாசித்தவர், கடைசி வரியில் நின்றார்.

"தம்பி, 4சி எண்டு ஒருத்தரும் இல்லையே."

"பை போகுதே டீச்சர். திரும்பியும் வருது."

"அது பூட்டின வீடு. அங்க இருந்த கண்ணகை அக்கா கண்ணை மூடி ரெண்டு வருசம். திறப்பு மகனோட கனடாவில."

நான் போனில் அந்தத் தாளின் படத்தைக் காட்டினேன். டீச்சர் வெகுநேரம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அவட எழுத்துத்தான். கடைசி மாசம் படுக்கையில கிடந்து, 'கொஞ்சம் கீரை வாங்கித் தாங்க கா' எண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. நாங்க பிஸ்கட் குடுத்தம், அப்பிள் குடுத்தம். சந்தைக்குப் போய் ஒரு பிடி கீரை வாங்க ஒருத்தருக்கும் நேரம் வரல்ல. எனக்கும்."

மண்டப வாசலில் நின்ற றிஸ்லான் பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?"

"நீங்கதானே அண்ணன் எழுதினீங்க, வீட்டில ஆளில்லாட்டியும் பரவால்ல எண்டு? தெரிஞ்சுதான் செய்றீங்க எண்டு நினைச்சன்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி செயலாளர் ஆனார். "4சியை வெட்டுங்க. மற்ற ஆக்களுக்குத் தெரிஞ்சா படியில ஏறமாட்டாங்க. வெட்டினாப் பதினொன்று. கமிட்டி பாஸ் பண்ணினது உங்கட பன்னிரண்டை. பதினொன்றுக்கு லொறி வருமா?"

வராது. ஐந்து குடும்பத்தின் முகமும் வரிசையாக வந்து போனது. பேனையை வாங்கினேன். வெட்டக் கை போகவில்லை. பயமா, கத்தரிக்காயா, இரக்கமா என்று கேட்டால், மூன்றும்தான்.

"டீச்சர், சேர்ந்தவர் தானே நிறுத்தச் சொல்லும்வரை தொடரும் எண்டு எழுதியிருக்கன். அதையும் கமிட்டி பாஸ் பண்ணியிருக்கு. அவ நிறுத்தச் சொல்லல்லயே."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு எழும்பினார். "அப்ப கேப்பம்."

வெயில் பளிச்சென்ற காலை. மூன்றாம் மாடிப் படியில் றிஸ்லான் வழமைபோல் நின்றுகொண்டார். நாங்கள் ரெண்டு பேரும் போய் 4சி முன்னால் நின்றோம். பை மடித்தபடி தொங்கியது. டீச்சர் கதவில் மெல்லத் தட்டினார்.

"கண்ணகை அக்கா, நான் சுலோ. நிப்பாட்டவா கா?"

உள்ளே ஒன்றுமில்லை. பிறகு, பலகையில் கத்தி விழுகிற சத்தம். டக், டக், டக். கீரை நறுக்குகிற நிதானம். தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசனை கதவுக்கடியால் வந்தது. சத்தம் நின்றது. கதவுப்பிடியில் பை ஒருமுறை ஆடியது. அப்போது காற்றே இல்லை.

எடுக்கச் சொல்லி டீச்சர் என்னைத்தான் பார்த்தார். பைக்குள் ஒரு துண்டுத்தாள். அதே மணி எழுத்து:

"ரெண்டு பிடி காணாது. மூன்று."

டீச்சர் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து, "பன்னிரண்டு எண்டே எழுதுங்க தம்பி. 4சியை என்ட கணக்கில போடுங்க. பேரை மாத்தாதீங்க" என்றார். கதவைப் பார்த்து இன்னும் மெதுவாக, "சனிக்கிழமை வரும் அக்கா" என்றார்.

துண்டுத்தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். மூன்றாம் மாடிப் படியில் றிஸ்லான் கைபிடியை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"என்னவாம் அண்ணன்?"

"மூன்று பிடி கேக்குறா."

அவர் கைபிடியை விட்டார். "பாகற்காய்?"

"அது வேணாமாம்."

"ஓம்" என்று தலையாட்டினார் றிஸ்லான். "இருந்த காலத்திலயும் தின்னமாட்டா."