கேட் நோட்டு

மகிழம் அபார்ட்மெண்ட்ஸ் ஜனங்களுக்குக் கணக்கு என்றாலே ஆகாது. அடையாறில் வீடு வாங்கத் தெரிந்தவர்கள், பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பத் தெரிந்தவர்கள், பொதுக்குழுவில் வரவு செலவு படிக்கும்போது மட்டும் கொட்டாவி விடுவார்கள். பொருளாளர் மூன்றாவது வரிக்கு வருவதற்குள் கூடத்தில் கேசரி வாசனை வந்துவிடும். பின்வரிசையிலிருந்து "பாஸ், பாஸ்!" என்று குரல் எழும்பும். கைகள் உயரும். அந்த வருஷக் கணக்கு நிறைவேறிவிடும். ஒன்பது வருஷமாக ஒரே பராமரிப்புக் கம்பெனி, ஒன்பது வருஷமாக அதே கேசரி.

மேகலா குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஆனது அவளுக்கு ஆசை இருந்ததால் இல்லை. வேறு யாரும் வர மாட்டேன் என்றார்கள். தலைவர் அனந்தராமன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரையாவது மாட்டிவிடுவதில் கைதேர்ந்தவர். "நீங்க கணக்கு டீச்சர், உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி," என்று சொல்லி சாவிக்கொத்தைக் கையில் திணித்துவிட்டார். பாவம், அவர் எதிர்பார்த்தது கையெழுத்துப் போடும் செயலாளரை. வந்து சேர்ந்ததோ படித்துப் பார்க்கும் செயலாளர்.

அவள் முதல் வேலையாக ஆடிட்டரை மாற்றினாள். புதிதாக வந்த பரத்வாஜ் சின்ன வயது, சிரிக்காத முகம். ஒரு வாரம் ஃபைல்களோடு உட்கார்ந்தவன் மேகலாவைக் கூப்பிட்டான்.

"ஜெனரேட்டர் டீசல் பில் இருக்கட்டும் மேடம். கரண்டே போகாத மாசத்துலயும் டேங்க் டேங்கா குடிச்சிருக்கு. அதை விடுங்க. இதைப் பாருங்க." ஒரு கட்டை அவள் பக்கம் தள்ளினான். "துப்புரவுக்கு ஆறு பேர்னு மாசாமாசம் பில் போடறாங்க. அவங்க பி.எஃப். பங்கையும் உங்ககிட்ட வாங்கறாங்க. கட்டின ரசீதும் கூடவே வெச்சிருக்காங்க. ஆனா ரசீதுல இருக்கற ஆறு பேரும் பெருங்குடியில ஏதோ ஆபீஸ்ல வேலை செய்யறவங்க. உங்க ஆளுங்க ஒருத்தர் பேர்கூட இல்லை."

மேகலாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது முத்தம்மா. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். கம்பெனி வந்த நாளிலிருந்து மாடிப்படியைத் துடைப்பவள் அவள் ஒருத்திதான். ஊரூர் குப்பத்துக்காரி. புருஷன் குப்பனுக்குக் கால் வீங்கிக் கடலுக்குப் போவது நின்று வெகுநாள் ஆகிறது.

"எனக்கு பி.எஃப். கீதுமா," என்றாள் முத்தம்மா, துடைப்பத்தை மடித்த முழங்கையில் சாய்த்துக்கொண்டு. "சம்பளத்துல புடிச்சிக்கினுதானே குடுக்கறாங்கோ கவர்ல? அடுத்த ஆனியோட பத்து வருசம் ஆவுது. பத்து ஆச்சின்னா பென்சன் வரும்னு கம்பெனி பிரசாத் சாரு சொன்னாரு. அம்பத்தெட்டுல இருந்து மாசாமாசம். கொஞ்சம்தான் வருமாம், வந்தா இன்னா? அவரு மாத்திரைக்கி ஆவுமில்ல?"

கம்பெனி சங்கத்திடமும் வாங்கியது, அவள் சம்பளத்திலும் பிடித்தது, இரண்டையும் எங்கேயும் கட்டவில்லை. அந்த ஆத்திரத்தில் மேகலா சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னாள்.

"முத்தம்மா, உங்களுக்குச் சேர வேண்டியதை வாங்காம அவங்களை இந்த கேட்டைத் தாண்ட விடமாட்டேன்."

முத்தம்மா சிரித்தாள். நம்பிவிட்டாள். அங்கேதான் வினை ஆரம்பம்.

செயற்குழு கூடியது. டீசல் விஷயம் கேட்டு எல்லோரும் கொதித்தார்கள். தங்கள் பணம் அல்லவா! கம்பெனியை நீக்குவதென்று ஒரே மனதாகத் தீர்மானம். ஒப்பந்தத்தில் இருந்தபடி இரண்டு மாத நோட்டீஸ், காரணங்களை வரிசையாக எழுதி, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் போனது. வங்கிக் கணக்கைப் பார்க்கக் கம்பெனி ஆளுக்குக் கொடுத்திருந்த அனுமதியை அன்றைக்கே ரத்து செய்தாள். கடைசி பில்லையும் நிறுத்தி வைத்தாள். ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலை நோட்டீஸோடு இணைத்தாள்: லிஃப்ட் ஒப்பந்தம், கட்டட வரைபடங்கள், மின்வாரியக் காகிதங்கள், பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் செயலியின் கடவுச்சொல், ஊழியர் வருகைப் பதிவேடுகள். நோட்டீஸை மூன்று முறை படித்துப் பார்த்தாள். பரீட்சைத் தாள் போலப் பிசிறில்லாமல் இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பிரசாத் ஒருநாள் வந்தான். கம்பெனியின் மேனேஜர்; இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட சிரிப்பு.

"எல்லாம் தந்துடறோம் மேடம். நாங்க ஒண்ணும் ஓடிப்போற கம்பெனி இல்லை. ஆனா ஒப்படைப்புப் பத்திரத்துல ஒரு வரி சேக்கணும். ரெண்டு பக்கமும் இனி ஒருத்தர் மேல ஒருத்தர் எந்தக் கோரிக்கையும் இல்லை. ஊழியர் பாக்கி உட்பட."

"திருடினது நீங்க. நான் எதுக்கு விடுதலை எழுதித் தரணும்?"

"திருட்டா? ஒன்பது வருஷக் கணக்கையும் உங்க பொதுக்குழுதானே பாஸ் பண்ணியிருக்கு? மினிட்ஸ் புக்ல இருக்கு." சிரிப்பு மாறவே இல்லை. "அப்புறம் முத்தம்மான்னு எங்க ரோல்ல யாரும் கிடையாது மேடம். வருகைப் பதிவேட்டைத் தரேன், பாருங்க."

அவன் தந்த பதிவேட்டில் பெருங்குடிக்காரர்கள் ஆறு பேரும் மகிழம் அபார்ட்மெண்ட்ஸ் மாடிப்படியை ஒன்பது வருஷமாகத் துடைத்திருந்தார்கள்.

பரத்வாஜ் யோசித்தான். "பி.எஃப். ஆபீஸ்ல புகார் கொடுத்தா விசாரிப்பாங்க. ஆனா சம்பளம் கவர்ல கொடுத்திருக்காங்க, பேங்க்ல எதுவும் இல்லை. அவங்க இங்க வேலை செஞ்சாங்கன்னு காட்ட கம்பெனி எழுதாத ஏதாவது ஒரு அத்தாட்சி வேணும்."

மேகலா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். கேட் நோட்டு! யார் உள்ளே வந்தாலும் சங்கத்தின் காவலாளி பெயரும் நேரமும் எழுதும் நோட்டு. அதைக் கடையில் வாங்குவது சங்கம். தீர்ந்ததும் சங்க அறை பீரோவில் அடுக்குவது சங்கம். தினமும் காலையில் முதல் பெயரே முத்தம்மாதான். ஒன்பது வருஷம் முத்தம்மா வந்ததற்கும் போனதற்கும் அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஓடினாள். பீரோவைத் திறந்தாள். உள்ளே வைக்கோல் சுற்றிய தசாவதாரம் இருந்தது. கீழ்த்தட்டில் செட்டியார் பொம்மை, கொலுப்படித் துணி, சீரியல் பல்பு மாலை. ஒரு நோட்டு இல்லை. கேட்டில் இப்போது ஓடும் நோட்டில் இருப்பது சில மாதங்கள்தான்; ஒன்பது வருஷத்துக்கு அது போதாது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மகிழம் அபார்ட்மெண்ட்ஸில் கொலு வைப்பது சங்கக் கூடத்தில்தான். எல்லா வீட்டுக்கும் பொதுக் கொலு, ஒன்பது நாளும் சுண்டல். போன நவராத்திரிக்கு புதுப் பொம்மை செட் வந்தது, வைக்க இடமில்லை. "இந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டா ஒரு பீரோ காலியாகும்," என்று யாரோ சொன்னார்கள். பழைய பேப்பர்காரரைக் கைபேசியில் கூப்பிட்டது யார்? மேகலாதான். தராசில் கட்டுக் கட்டாக ஏற்றியபோது பக்கத்தில் நின்று, எடை சரியா என்று பார்த்ததும் அவள்தான். கணக்கு டீச்சர் அல்லவா! வந்த பணத்தைச் சுண்டல் செலவில் சேர்த்தாயிற்று. கடைசி நாள் பட்டாணிச் சுண்டல் முத்தம்மாவுக்கும் ஒரு தொன்னை கொடுத்தாள். "ருசியா கீதுமா," என்று அவள் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்து மேகலா அழுதாள். வெட்கமாக இருந்தது, அதனால் இன்னும் அழுதாள்.

ஆனாலும் விடவில்லை. 'முத்தம்மா இங்கே ஒன்பது வருஷம் வேலை செய்ததை நாங்கள் அறிவோம்' என்று ஒரு கடிதம் எழுதி வீடு வீடாக ஏறினாள். முத்தம்மா துடைத்த படியில் ஏறி, அவள் துடைத்த வாசலில் நின்று கேட்டாள். எல்லோரும் காபி கொடுத்தார்கள். கையெழுத்து மட்டும் யாரும் கொடுக்கவில்லை. காரணம் அனந்தராமன் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி.

"உக்காருங்கோ மேகலா," என்றார் அவர், அவள் அவர் வீட்டுக்குப் போனபோது. "அந்தப் பொம்மனாட்டி மேல எனக்கென்ன விரோதமா? ஆனா யோசிச்சுப் பாருங்கோ. கம்பெனி கட்டலேன்னா பி.எஃப். ஆபீஸ்காரா சட்டப்படி வேலை வாங்கின நம்மகிட்ட வருவா. வட்டி, அபராதம் எல்லாம் சேத்து. யார் தருவா? அறுபது ஆத்துக்காராளும் தரணும். லிஃப்ட் ஒப்பந்தம் அவன் பேர்ல இருக்கு, இந்த மாசத்தோட முடியறது. நாலாவது மாடியில ஆபரேஷன் ஆனவா இருக்கா. பத்திரத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவோம். சனியன் ஒழிஞ்சுதுன்னு இருக்கலாம்."

"நான் முத்தம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"யாரைக் கேட்டுண்டு கொடுத்தேள்?"

செயற்குழுவில் ஓட்டெடுத்தார்கள். எதிர்த்து உயர்ந்தது ஒரே கை. ராஜினாமா செய்யலாம் என்று நினைத்தாள். செய்தால் வேறொருவர் அதே இடத்தில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அதோடு புதுக் கம்பெனிக்காரர்கள் ஐம்பது தாண்டியவர்களை எடுப்பதில்லை. முத்தம்மாவை மட்டும் எடுக்கச் சம்மதித்தது செயலாளர் கெஞ்சியதால். செயலாளர் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை.

ஒப்படைப்பு நாள் வந்தது. கூடத்தில் அட்டைப்பெட்டிகள். பிரசாத் ஒவ்வொன்றாகச் சொல்ல, பரத்வாஜ் பட்டியலில் குறியிட்டான். எல்லாம் இருந்தன. திருடியவன் கணக்காகத்தான் ஒப்படைத்தான். பெட்டிகளுக்கு நடுவே முத்தம்மா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அடிக்கொரு தரம் மேகலாவைப் பார்த்தாள். மேகலா குனிந்து பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டாள். அனந்தராமன் எல்லோருக்கும் கை கொடுத்தார். பிரசாத் கேட்டைத் தாண்டிப் போனான். யாரும் தடுக்கவில்லை.

பிற்பகலில் புதுக் கம்பெனி ஆள் விண்ணப்பங்களைக் கொண்டுவந்து வைத்தான். முத்தம்மாவுக்கு எழுத வராது; மேகலாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நீயே எழுதிக் குடும்மா. உன் கையெழுத்து அழகா கீது."

பெயர், புருஷன் பெயர், முகவரி. சேரும் தேதி: நாளை. அடுத்த வரியில் ஒரு கேள்வி: இதற்கு முன் வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினராக இருந்ததுண்டா? பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம். இல்லை.

மேகலாவின் பேனா அங்கேயே நின்றது. ஆம் என்று போட்டால் எண் கேட்பார்கள். எண் இல்லாமல் விண்ணப்பம் திரும்பி வரும். வேலையும் போகும். இல்லை என்று போட்டால் பென்ஷனுக்கான பத்து வருஷத்தை நாளையிலிருந்து எண்ண வேண்டும்; அதற்குள் அவளுக்கு ஐம்பத்தெட்டு தாண்டிவிடும்.

"இன்னாமா, அங்கியே நிக்கறே? இன்னா கேக்கறான்?"

"இதுக்கு முன்னாடி பி.எஃப். இருந்துச்சான்னு கேக்கறாங்க."

"கீதுன்னு போடு. ஒம்போது வருசம் கீதே," என்றாள் முத்தம்மா.

மேகலா இரண்டாவது கட்டத்தில் குறியிட்டாள். முத்தம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பேனா முதல் கட்டத்தைத் தாண்டிப் போனதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மை தடவிய கட்டைவிரலை மேகலா காட்டிய இடத்தில் அழுத்தினாள். பிறகு விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கூடத்தில் சிதறிக் கிடந்த அட்டைப்பெட்டிச் சணலைப் பொறுக்கப் போனாள்.