குளியாப்பார்

கடலடியில் முத்துச்சிப்பி விளையும் திட்டைத் தூத்துக்குடிப் பக்கம் 'பார்' என்பார்கள். அவற்றில் ஒன்றுக்குக் குளியாப்பார் என்ற பெயர் எப்படி வந்தது என்று வேம்பாரிலும் குலசேகரன்பட்டினத்திலும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பெரியவர்கள் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்.

"அங்கன சுறா ஜாஸ்தி. மந்திரம் சொல்லிச் சுறா வாயைக் கட்டுத கடல்கட்டியை வெள்ளைக்காரத் துரை வெரட்டிட்டான். முத்துக் குளிக்க மாட்டோம்னு நம்ம ஆளுவ படகுலயே இருந்துட்டாவ."

மாவட்ட ஊர்ப்பெயர்த் தொகுதியின் பதிப்பாசிரியர் மருதப்பன், நான் எழுதிக் கொடுத்த அந்தக் காரணத்தைச் சிவப்பு மையால் அடித்தார்.

"துரை அறிக்கையில, காத்து பலமா அடிச்சதால குளிக்கலைன்னு இருக்கும்மா. அதான் ஆதாரம்."

"அடுத்த பக்கத்தையும் படிங்க சார்."

அதே நாட்களில், கூப்பிடு தூரத்தில் இருந்த இன்னொரு பாரில் சிப்பி எடுத்ததாகத் துரையே எழுதியிருந்தார்.

"காத்து இந்தப் பாருக்கு மட்டுமா அடிச்சுது?"

மருதப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, ரெண்டு காரணத்தையும் போட்டுருவோம். யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம்."

"போடுவோம் சார். ஆனா, எது எதுன்னு சொல்லிப் போடுவோம்."

அவர் பேனாவையே வாங்கி, அடித்த வரிக்குக் கீழே சிவப்பிலேயே எழுதினேன்: 'குளிக்க மறுத்தார்கள். காற்று என்பது துரை சொன்ன பொய்.'