கிரேன் கேட்ட சோபா

பல் டாக்டரம்மா கிளினிக்ல அளவெடுத்துட்டு கடைக்கு வந்து சேர்ந்த சோபாக்கார அக்கா, போனைப் பார்த்ததும் அப்படியே தையல் மெஷின் பக்கத்துல உட்கார்ந்துட்டா.

அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து பழைய சோபா, நாற்காலிக்கெல்லாம் புது உறை போடுறவங்க. அக்கா போய் அளவெடுப்பா. கெட்டுப்போன இடத்தை போட்டோ எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, கீழே தோணினதை எழுதி தங்கச்சிக்கு அனுப்புவா. தங்கச்சி அதைப் பார்த்து துணி, ஃபோம் கணக்குப் போடுவா. ரெண்டு பேருக்குள்ள போறதுதானேன்னு அக்கா வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதுவா.

இன்னிக்கு அது நேரா டாக்டரம்மாவுக்கே போயிருச்சு. வழி கேட்டு அவங்களோட பேசினதுதான் போன்ல முதல்ல இருந்துச்சு, கை அங்கேயே அழுத்திருச்சு.

"என்னக்கா எழுதித் தொலைச்ச?"

அக்கா போனை நீட்டினா. தங்கச்சி சத்தமா படிச்சா. "இதுல உட்கார்ந்தா எந்திரிக்க கிரேன் வேணும்டி. வாங்கினவங்களுக்குக் கண்ணு இருந்துச்சா என்ன?" கீழே இன்னும் ஒரு வரி இருந்துச்சு. அதுக்குள்ள தங்கச்சி தலையில கை வச்சுக்கிட்டா.

"உடனே அழிச்சுடுக்கா."

"நீலக் கோடு விழுந்தாச்சு. படிச்சாச்சு. இனிமே அழிச்சா அது இன்னும் அசிங்கம்."

"போனை யாரோ எடுத்து விளையாடிட்டாங்கன்னு சொல்லேன்."

"போட்டோவுல என் டேப் கிடக்குது, என் கட்டைவிரல் தெரியுது. யாரு விளையாடினா, என் விரலா?"

சிரிக்கிற நிலைமையில ரெண்டு பேரும் இல்ல. வேற வேலை இல்லாம ரெண்டு மெஷினும் சும்மா நிக்குது, இந்த கிளினிக் வேலையைத்தான் நம்பியிருக்காங்க. சோபா போக, காத்திருக்கிறவங்க உட்கார்ற நாற்காலி வேற வரிசையா இருக்கு.

அக்கா எழுத ஆரம்பிச்சா. வீட்டுக் கஷ்டம், தூக்கம் இல்ல, கண்ணு சரியா தெரியலன்னு நீளமா போச்சு. படிச்சுப் பார்த்தா. சீ, இது என்ன, தப்பு நான் பண்ணிட்டு அவங்களை என்மேல பாவப்பட வைக்கிறதான்னு தோணுச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டு இவ்வளவுதான் எழுதினா:

"டாக்டரம்மா, அது என் தங்கச்சிக்குப் போக வேண்டியது. யாருக்குப் போயிருந்தாலும் நான் அப்படி எழுதினது தப்பு. மன்னிச்சிடுங்க. சோபாவுக்கு என்ன பண்ணலாம்னு ஒழுங்கா எழுதி அனுப்பட்டுமா? வேண்டாம்னாலும் எனக்குப் புரியும்."

"இவ்வளவுதானா? இன்னும் ரெண்டு மன்னிப்பு சேருக்கா."

"மன்னிப்பு என்ன உப்பாடி, பத்தலைன்னா சேர்க்க?"

பதில் வர்ற வரைக்கும் அக்கா ஒரே துணியை மூணு தடவை மடிச்சா. வந்துச்சு. "சோபா வாங்கினது என் வீட்டுக்காரர். நேர்ல வாங்க."

"போச்சு," தங்கச்சி சொன்னா.

அந்த வீட்டுக்காரர்தான் கிளினிக் வாசல் மேஜையில உட்கார்ந்து வர்றவங்க பேரு எழுதுறவர். அக்கா உள்ளே நுழைஞ்சப்போ மனைவியோட போன் அவர் கையில இருந்துச்சு.

"வாங்க. கிரேன் கொண்டு வரலையா?"

கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அக்காவுக்குக் காது சூடாயிருச்சு. ஆனாலும் நேரா மேஜை முன்னாடி போய் நின்னா.

"டாக்டரம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன் சார். உங்ககிட்டதான் கேட்டிருக்கணும். வாங்கினவங்களைப் பத்தி எழுதினது எனக்கு வேண்டாத பேச்சு."

"எத்தனை கடை ஏறி இறங்கி வாங்கினேன் தெரியுமா?"

"அது மரத்தைப் பார்த்தாலே தெரியுது சார். கடைசி வரியில எழுதியிருக்கேன்."

அவர் போனைக் கண்ணுகிட்ட கொண்டு போனார். 'மரம் மட்டும் அருமையான மரம்டி, இப்பல்லாம் இப்படிக் கிடைக்காது.' கோபத்துல அது வரைக்கும் படிக்கவே இல்ல போல.

"அப்புறம் எதுக்கு கிரேன்?"

"உள்ளே ஃபோமைத் தாங்குற நாடாப் பட்டை தொய்ஞ்சு போச்சு சார். ஃபோமும் செத்துருச்சு."

"செத்துருச்சா? என்னம்மா பேசறீங்க, நல்லா கல்லு மாதிரி இருக்கு." காட்டறேன்னு எழுந்து வந்து சோபாவுல தொம்முன்னு உட்கார்ந்தார். உள்ளே போனார், போனார், முட்டி ரெண்டும் நெஞ்சுக்கு வந்துருச்சு. எந்திரிக்கப் பார்த்தார். முடியல. மறுபடியும் பார்த்தார்.

கன்னம் வீங்கின பெரியவர் தாடையைப் பிடிச்சுக்கிட்டே, "ஐயோ, என்னைச் சிரிக்க வைக்காதீங்கப்பா, வலி உயிர் போகுது," ன்னார்.

உள் கதவுல டாக்டரம்மா எட்டிப் பார்த்தாங்க. முகமூடிக்கு மேல கண்ணு ரெண்டும் சிரிச்சுது. "நான் சொன்னப்போ எல்லாம் கேட்டீங்களா?"

அவர் அக்கா பக்கம் கையை நீட்டினார். "வேடிக்கை பார்க்காதீங்கம்மா. நீங்கதான் கிரேன், தூக்குங்க."

அக்கா காலை ஊன்றி இழுத்தா. வந்துட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டே, "மரத்துல கை வைக்கக் கூடாது," ன்னார்.

"தொடவே மாட்டேன் சார். பட்டை புதுசு, ஃபோம் புதுசு, மேல ஈரத்துணியால துடைக்கிற மாதிரி ரெக்ஸின்."

"நாற்காலியையும் சேர்த்து எழுதி டாக்டருக்கு அனுப்புங்க."

"யாருக்கு அனுப்பறோம்னு ஒரு தடவை பார்த்துட்டு!" உள்ளேருந்து குரல் வந்துச்சு.

தெருவுக்கு வந்ததும் அக்கா சுவத்துல சாய்ஞ்சு ஒரு பெரிய மூச்சு விட்டா. அப்புறம் தங்கச்சிக்குப் போன் போட்டா.

"வேலை கிடைச்சிருச்சுடி. நாற்காலியோட."

"நிஜமாவா! மெஸேஜ் போட்டிருக்கலாம்ல, நான் பயந்தே போயிட்டேன்."

"இன்னிக்கு மெஸேஜ் போட்டது போதும்டி, தாயே."