நிதானம் இழக்காமல் நாற்பத்திரண்டு நிமிடம்

இரண்டு நாள் காய்ச்சலுக்கு ஒன்றரைப் பக்கம் விடுப்புக் கடிதம் எழுதியவன் என்பதால் அலுவலகத்தில் அவனுக்கு நீட்டு என்று பெயர். அந்தக் கடிதத்தில் காய்ச்சல் வருவது இரண்டாம் பக்கத்தில். முதல் பக்கம் முழுக்க மேனேஜரின் நலம் விசாரிப்பு.

அப்படிப்பட்டவனிடம் ஜெர்மன் டீச்சர் ஒரே ஒரு பக்கத்தில் வேலை விண்ணப்பக் கடிதம் எழுதி வரச் சொன்னார். மூன்று பக்கத்தோடு போனான்.

"பணிவன்புடன், தங்கள் பொன்னான நேரத்தை..." என்று வாசித்த டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். "எந்த நேரத்தை?"

"அவங்க நேரத்தைத்தான் மேடம். மரியாதைக்காக."

"மரியாதைன்னா அந்த நேரத்தை வீணாக்காம இரு. பேரு, முகவரி, வலது பக்கம் தேதி, எந்த வேலைன்னு தடிச்ச எழுத்துல ஒரு வரி. அப்புறம் விளம்பரத்துல பேரு போட்டிருக்கிற அந்தம்மாவைப் பேரைச் சொல்லிக் கூப்பிடு. பொத்தாம்பொதுவா ஐயா அம்மான்னு போட்டா, விளம்பரத்தையே ஒழுங்காப் படிக்கலைன்னு நினைப்பாங்க. என்ன செஞ்சிருக்கேன்னு சொல்லு. எப்ப வந்து சேருவே, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறே, அதையும் சொல்லு. கடைசியா மிட் ஃப்ராய்ண்ட்லிஷன் க்ரூஸன், அதாவது அன்பான வணக்கங்களுடன். கையெழுத்து. முடிஞ்சது."

"சம்பளத்தை நானே சொல்றதா? கல்யாணப் பேச்சு மாதிரி இருக்கே மேடம்."

"விளம்பரத்துல கேட்டிருக்காங்கல்ல, சொல்லு."

பேனா ஓடி ஓய்ந்தபோது மூன்று பக்கத்தில் எஞ்சியவை அவன் பெயர், முகவரி, தொலைபேசி எண். எண்ணிலும் ஒரு பிழை இருந்தது.

இந்த வேலை அவனுக்கு விளையாட்டல்ல. நர்ஸான அவன் மனைவிக்கு ஜெர்மனியில் ஓர் ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது. இன்னும் பத்து வாரத்தில் அவள் கிளம்புகிறாள். அதே ஊரிலிருக்கும் லிஃப்ட் நிறுவனத்தில் இவனுக்கும் கிடைத்தால் சேர்ந்து போகலாம். கிடைக்காவிட்டால் குடும்ப விசா வரும்வரை கைப்பேசித் திரையில்தான் குடித்தனம். லிஃப்டுகளில் நேரும் கோளாறுகளைத் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் மென்பொருளுக்கு ஆள் தேடினார்கள். விளம்பரத்தை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதே டீச்சர்தான்.

"எங்க கம்பெனிக்கு ஏன் வர்றேன்னு கேப்பாங்க. அதுக்கு உன் சொந்தக் காரணம் ஒண்ணு வேணும்," என்றார் டீச்சர். "லிஃப்டுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏறுவேன், இறங்குவேன்." நீட்டு யோசித்தான். "போன வருஷம் ஒரு தடவை உள்ள மாட்டிக்கிட்டேன்."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே பிறந்தது மூன்றாம் பத்தி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'எனது குடியிருப்பின் லிஃப்டில் தனியாக நாற்பத்திரண்டு நிமிடங்கள் அடைபட்டிருக்க நேர்ந்தது. நிதானம் இழக்காமல் விளக்கு, மின்விசிறி, கதவு ஆகியவற்றின் செயல்பாட்டைக் கவனித்து, கோளாறு கதவின் மின்தொடர்பில் இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தேன். தங்கள் துறையின் மீதான எனது ஆர்வம் அன்று தொடங்கியது.'

"நிதானமாத்தானே இருந்தே?" என்று டீச்சர் கேட்டார்.

"கிட்டத்தட்ட."

"ஜெர்மன்ல கிட்டத்தட்ட வேண்டாம். வெட்டிரலாம்."

கடிதம் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தது. வெள்ளைச் சட்டை போட்ட நீட்டு மாதிரி இருந்தது. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. பெயரையும் முகவரியையும் மட்டும் அழித்துவிட்டு, 'இப்படித்தான் எழுத வேண்டும்' என்று குழுவில் போட்டார். முப்பது பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

அதில் நான்கு பேர் கட்டைவிரலோடு நிறுத்தவில்லை.

எட்டாவது நாள் பதில் வந்தது. நிறுவனத்தின் அந்த அம்மையார் கோபம் காட்டவில்லை. கோபம் காட்டியிருந்தால்கூடத் தேவலை.

'தங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி. தங்களையும் சேர்த்து ஐந்து விண்ணப்பதாரர்கள் தத்தம் குடியிருப்பின் லிஃப்டில், தலா நாற்பத்திரண்டு நிமிடங்கள், தலா தனியாக, தலா நிதானத்துடன் அடைபட்டிருந்ததை அக்கறையுடன் அறிந்தோம். இந்நிகழ்வு ஐவருக்கும் நேர்ந்திருப்பின், தங்கள் நகரின் லிஃப்டுகள் குறித்து எமது விற்பனைப் பிரிவு தங்களைத் தனியே அணுகும். ஒருவருக்கே நேர்ந்திருப்பின், அவர் வெள்ளிக்கிழமைக்குள் உரிய ஆவணத்துடன் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மிட் ஃப்ராய்ண்ட்லிஷன் க்ரூஸன்.'

நீட்டு டீச்சருக்குப் போன் போட்டான். "மேடம், என் லிஃப்டுல அஞ்சு பேர் ஏறியிருக்காங்க."

"அடப்பாவிங்களா!" என்று கத்தினார் டீச்சர். பிறகு குரல் இறங்கியது. "மாதிரின்னு போட்டேம்பா. மாதிரியே அனுப்புவாங்கன்னு நினைக்கலை. நான் வேணா அந்தம்மாவுக்கு எழுதட்டுமா?"

"ஆவணம் கேக்குறாங்க மேடம். நீங்க உள்ள இல்லையே."

லிஃப்டில் மாட்டியதற்கு ஆவணம் எங்கே கிடைக்கும்? பிறப்புக்கு உண்டு, இறப்புக்கு உண்டு. இரண்டுக்கும் நடுவில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் இடையே நின்றதற்கு யார் சான்றிதழ் தருவார்கள்?

"வாட்ச்மேன் அண்ணன் தருவாரு," என்றாள் மனைவி. "லிஃப்டுல ஈ நுழைஞ்சாக்கூட நோட்டுல எழுதுற ஆளு."

இருவரும் இறங்கிப் போனார்கள், படிக்கட்டில். வாட்ச்மேன் அட்டை கிழிந்த நீண்ட நோட்டு ஒன்றை எடுத்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லியிருந்தார். எதை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் வாட்ச்மேன் எதையும் விடவில்லை.

"இதோ இருக்கு தம்பி. போன வருஷம், செவ்வாய்க்கிழமை." அவர் வாசிக்கக் கண்ணாடியைத் தேடினார்.

"குடுங்கண்ணே, நானே வாசிக்கிறேன்," என்று நீட்டு அவசரமாகக் கை நீட்டினான். நோட்டு அதற்குள் மனைவி கைக்குப் போயிருந்தது. அவள் மருத்துவமனைக் குரலில் வாசித்தாள்.

"'காலை எட்டு பத்து. லிஃப்ட் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் நின்றது. உள்ளே ஒருவர், நர்ஸம்மாவின் வீட்டுக்காரர். பெல் முப்பத்தொரு தடவை அடித்தது. உள்ளே இருந்தவர் அழுதார். சத்தம் இரண்டாம் மாடி வரை கேட்டது. எட்டு ஐம்பத்திரண்டு கதவு திறந்தது. கதவு காண்டாக்டில் தூசி என்று மெக்கானிக் சொன்னார். அழுதவருக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது.'"

அவள் நோட்டை மெல்லத் தாழ்த்தினாள். "லிஃப்டுக்குள்ள இருந்தே ஆபீஸ் மீட்டிங் அட்டெண்ட் பண்ணேன்னு சொன்னியே?"

"மியூட்ல இருந்தேன்."

"ரெண்டாவது மாடி வரைக்கும் மியூட்டா?"

"பாவம், அம்மாவை ஒரு தடவை கூப்பிட்டாரு," என்று வாட்ச்மேன் இவனுக்குப் பரிந்து பேசினார். "உங்களைத்தான் நிறையக் கூப்பிட்டாரு தாயி. அதெல்லாம் எழுத எடம் பத்தலை."

வீட்டுக்கு வந்ததும் நீட்டு அந்தப் பக்கத்தின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன்தான் உண்மையான ஆள் என்று உலகத்திலேயே ஒரு காகிதம் சொல்கிறது. அவன் கடிதத்தில் எழுதியது பொய் என்றும் அதே காகிதம் சொல்கிறது. அனுப்பினால் ஐந்து பேரில் இவன்தான் அழுதவன். அனுப்பாவிட்டால் ஐந்து பேரில் ஒருவன்.

"முதல் மூணு வரியை மட்டும் வெட்டி அனுப்பினா?" என்று கேட்டான்.

"கேஸ் ஷீட்டுல நாங்க எதையும் வெட்ட மாட்டோம், அழிக்க மாட்டோம்," என்றாள் அவள். "தப்பா எழுதிட்டா, படிக்கிற மாதிரி ஒரே கோடு. பக்கத்துல சரியானது. தேதி போட்டுக் கையெழுத்து. நோயாளி அழுதா அழுதான்னுதான் எழுதுவோம். அதுல என்ன இருக்கு?"

"வேலை போயிரும்மா."

"எந்த வேலை? இன்னும் குடுக்கவே இல்லையே."

அவன் நோட்டுப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு சங்கச் செயலாளரிடம் போனான். செயலாளர் பக்கத்தின் நகலில் சங்க முத்திரையை இரண்டு முறை குத்திக் கொடுத்தார். ஒன்று தலைகீழாக விழுந்ததால் இரண்டாவது. டீச்சர் பரிகாரமாக நோட்டின் பக்கத்தை முழுவதும் ஜெர்மனில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். தண்ணீர் கொடுக்கப்பட்டது உட்பட. வியாழக்கிழமை நீட்டு தன் வாழ்நாளிலேயே மிகச் சிறிய கடிதத்தை எழுதினான்.

'எனது விண்ணப்பத்தின் மூன்றாம் பத்தியில் பின்வரும் திருத்தங்களைச் செய்ய அனுமதி வேண்டுகிறேன். "நிதானம் இழக்காமல்" என்பதற்குப் பதிலாக "அழுதுகொண்டு" என்று வாசிக்கவும். கோளாறு குறித்த முடிவுக்கு வந்தவர் மெக்கானிக். நாற்பத்திரண்டு நிமிடங்கள் என்பதில் மாற்றமில்லை. இணைப்பு: லிஃப்ட் பதிவேடு, ஒரு பக்கம், மொழிபெயர்ப்புடன்.'

அனுப்பியபின் இரண்டு நாள் அவன் கண்ணாடி பார்த்துத் தலை வாரவில்லை.

திங்கட்கிழமை நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. திரையில் அந்த அம்மையாரும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த குழுத் தலைவரும் இருந்தார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம், கேமராவில் தெரியாத இடத்தில், மனைவி துணி மடிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தாள். ஒரே துண்டை நாலாவது முறையாக மடித்தாள்.

தரவுத்தளம் பற்றி அரை மணி நேரம் கேட்டார்கள். அதில் இவன் தடுமாறவில்லை. பிறகு குழுத் தலைவர் பதிவேட்டின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மணியை முப்பத்தொரு முறை அழுத்தியதற்குக் காரணம் என்ன?"

தயாரித்து வைத்திருந்த ஜெர்மன் வாக்கியங்கள் எதிலும் இது இல்லை. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னான்.

"முதல் முறை அழுத்தினேன். யாருக்காவது கேட்டதா என்று தெரியவில்லை. அதனால் மீண்டும் அழுத்தினேன். அப்போதும் தெரியவில்லை."

"எங்கள் மென்பொருள் தொடர்ந்த அழுத்தங்களை ஒரே அழைப்பாகக் கணக்கிடுகிறது. மீதி முப்பதையும் நீக்கிவிடுகிறது."

"நீக்கக் கூடாது ஐயா. முதலாவது, லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்கிறது. மீதி முப்பதும், உள்ளே இருப்பவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று சொல்கின்றன. கேட்டது, ஆள் வருகிறார், இத்தனை நிமிடம் ஆகும் என்று ஒரு விளக்கு எரிந்திருந்தால் ஒரு முறையோடு நிறுத்தியிருப்பேன்."

"அழுகையையும்?" என்று அம்மையார் கேட்டார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

நீட்டு நேர்மையாக யோசித்தான். "அது குறைந்திருக்கும். நிற்காது."

துணிப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமலாகவும் இருக்கலாம். குழுத் தலைவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குனிந்து, நெடுநேரம் எதையோ எழுதினார். அடுத்து அவர் கேட்டது எப்போது வந்து சேர முடியும் என்பதை.

நேர்காணல் முடிந்த பதினொன்றாம் நாள் ஒப்பந்தம் வந்தது. ஆறு பக்கம். நீட்டுக்கே அது கொஞ்சம் நீளமாகப் பட்டது. இருவரும் ஒவ்வொரு பக்கமாக வாசித்து, கையெழுத்துப் போட்டு, விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை பதிவு செய்தார்கள். அதற்குள் அவன் அக்காவிடமிருந்து போன். அவன் எடுப்பதற்குள் மனைவி எடுத்துவிட்டாள்.

"ஆமா அண்ணி, கிடைச்சிருச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறோம்." அவள் இவனை ஒரு பார்வை பார்த்தாள். "எப்படியா? சின்னப் புள்ளையில பொம்மை வாங்குனானே, அதே மாதிரிதான் அண்ணி. அழுது வாங்கினான்."