கடைசி வரியை மட்டும் படித்தவள்

ருக்மணியின் மின்னஞ்சலை நான் முழுதாகப் படிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

ஓசூருக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரியில் நான் மாணவர் ஆலோசகர். சொந்த ஊர் தூத்துக்குடி. கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை, அதனால் வந்தேன். வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அறைக் கதவில் 'ஜெபமணி, ஆலோசகர்' என்று பலகை, கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. நேரில் வரக் கூச்சப்படும் பிள்ளைகள் அதற்கு எழுதுவார்கள். பெரும்பாலும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித்தான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. தேர்வுக்கு முந்தைய விடுமுறை. காலை பத்தரை மணிக்கு அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். ருக்மணி, இரண்டாம் ஆண்டு இயற்பியல், தளிக்குப் பக்கத்துக் கிராமம். முதல் வரியிலேயே பயமாக இருக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை என்று இருந்தது. அதன்பின் நேரங்களும் பாடங்களுமாக ஒரு நீளப் பட்டியல். நான் அதைத் தாண்டிக் கீழே போனேன். கடைசி வரி இது, ஒரு சொல்லை மட்டும் அவள் தட்டிய எழுத்துகளிலேயே சொல்கிறேன்: "இவ்ளோ படிச்சா எஸ், ஏ, கே, ஏ, மேடம்?"

சாக. நான் அப்படித்தான் வாசித்தேன். 'இவ்வளவு படிச்சா சாக மேடம்.' வாக்கியம் சரியாக இல்லையே என்று எனக்குத் தோன்றவில்லை. கேள்விக்குறி கண்ணில் படவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அவள் எண்ணுக்கு மூன்று முறை அடித்தேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவளிடம் பேசாமல் வீட்டுக்குச் சொல்லக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் சொல்லலாம் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆபத்துதான் என்று நானே முடிவு செய்து, கல்லூரிப் பதிவேட்டில் இருந்த அப்பாவின் எண்ணுக்கு அடித்தேன்.

அப்பா திம்மராயன் ரோஜாத் தோட்டக்காரர். வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ். "ஐயா, உங்க பொண்ணு எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கா. சாகணும்ங்கற மாதிரி எழுதியிருக்கா. கொஞ்ச நாள் தனியா விடாதீங்க" என்றேன். "ஆவட்டும் மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார்.

போனை வைத்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றியவளின் பெருமை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவளுக்காக ஜெபம்கூடச் செய்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

திங்கட்கிழமை கணிதத் தேர்வு. ருக்மணி வரவில்லை என்று தேர்வு அறையிலிருந்து தகவல் வந்தது. உடனே திம்மராயனுக்கு அடித்தேன்.

"அவ படிச்சது சாக்கு மேடம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "சாக்கா? யாருக்குங்கய்யா சாக்கு? அவ நெசமாவே பயந்து போய்த்தான் எழுதியிருக்கா."

"அய்யோ, சாக்குன்னா போதும் மேடம். எங்க பாசையில சாக்குன்னா போதும். இவ்ளோ நாளு படிச்சது போதும். எவனோ ஒருத்தனுக்காகத்தான் சாவறேன்னு எழுதியிருப்பா. யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. ஜவளகிரியிலருந்து அவ மாமன வரச் சொல்லியிருக்குது."

நான் கணினியை மறுபடி திறந்தேன். எஸ், ஏ, கே, ஏ. பின்னால் கேள்விக்குறி. இவ்ளோ படிச்சா சாக்கா மேடம்? இவ்வளவு படித்தால் போதுமா? அந்தப் பிள்ளை கேட்டது அவ்வளவுதான்.

மேலே இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். 'ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை போனை அணைத்து அரிசி டப்பாவில் வைத்துவிடுவேன்' என்று ஒரு வரி. அதற்கு மேல் ஒன்று: 'நவம்பரில் கணிதத்தில் போய்விட்டது. இந்த முறையும் போனால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார்.' அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது.

பன்னிரண்டு மணித் தளி பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன். பாஷைக் குழப்பம், புது ஊர், அவசரம். எல்லாம் உண்மைதான். எல்லாமே தமிழ்ச் சாக்குதான்.

வீட்டு முற்றத்தில் ரோஜாக் கட்டுகள் ஈரச் சாக்கில் சுற்றிக் கிடந்தன. திம்மராயன் நாற்காலி போட்டார். மாமன் சுவரோரம் நின்றிருந்தார். ருக்மணி கதவருகே முகம் வீங்கி நின்றாள்.

"ஐயா, தப்பு என்னுது" என்றேன். "அவ சாகறேன்னு எழுதல. இவ்ளோ படிச்சா போதுமான்னு கேட்டிருக்கா. சாக்காங்கறத நான் சாகன்னு படிச்சிட்டேன். பையனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம உங்களுக்குச் சொன்னதும் தப்பு."

மாமன் சிரித்துவிட்டார். திம்மராயன் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார். "நானு ரெண்டு அடி வெச்சிட்டேன் மேடம்" என்றார். அந்த அடியும் என் கணக்குதான். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அவர் உள்ளே போய், பறித்து வைத்திருந்த போனை எடுத்து வந்து மகள் கையில் கொடுத்தார். "புதன்கெழம பரீச்சைக்குப் போ. கணக்குப் போனது உன்னால இல்ல."

ருக்மணி முதல் முறையாக வாயைத் திறந்தாள். "மேடம், டைம் டேபிள் பாத்தீங்களா? சரியா இருக்குதா?"

இரண்டு நாள் இழந்து, அடி வாங்கி, ஒரு தேர்வையும் விட்ட பிறகு அவள் என்னிடம் கேட்டது அதை. நான் இத்தனை தூரம் வந்தும் அதைப் படித்திருக்கவில்லை.

"இல்லம்மா. இன்னும் பாக்கல."

அவள் பட்டியலைப் போனில் திறந்து நீட்டினாள். நாலரைக்கு எழுந்திருக்கிறாள். ஆறிலிருந்து எட்டு பூப்பறிப்பு. ஒவ்வொரு பாடத்தையும் நான்கு முறை வாசித்து, நான்கு நிறப் பேனாவில் கோடு போடுகிறாள். பன்னிரண்டுக்குப் படுக்கிறாள். 'எழுதிப் பார்ப்பது' என்ற சொல்லே பட்டியலில் இல்லை.

"திரும்பத் திரும்ப வாசிச்சா தெரிஞ்ச மாதிரி இருக்கும், பரீட்சையில வராது" என்றேன். "ஒரு தடவ வாசிச்சிட்டு நோட்ட மூடு. ஞாபகத்துல இருந்து எழுதிப் பாரு. பழைய கேள்வித்தாள் போடு. எங்க தப்பு வருதோ அதுக்கு மட்டும் திரும்பிப் போ. ரெண்டு நாள் விட்டு அதையே மறுபடி எழுது. பத்தரைக்குப் படுத்துடு, தூக்கத்துலதான் படிச்சது நிக்கும்."

இவ்வளவுதான். பத்து நிமிட வேலை. சனிக்கிழமை காலையிலேயே உட்கார்ந்த இடத்தில் முடித்திருக்கலாம்.

ஜூனில் ருக்மணி மதிப்பெண் பட்டியலோடு என் அறைக்கு வந்தாள். நான்கு தாளில் தேர்ச்சி, இயற்பியலில் எண்பத்தொன்று. கணிதத்துக்கு நேராக 'வரவில்லை' என்று இருந்தது. நவம்பரில் மறுபடி எழுத வேண்டும்.

"நாலு பாஸ் என்னுது மேடம்" என்றாள், விரலை அந்த ஐந்தாவது வரியில் வைத்து. "இது உங்களுது."

விளையாட்டாகத்தான் சொன்னாள், சிரிக்கவும் செய்தாள். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மேலே போய், முதல் எழுத்திலிருந்து கடைசி வரை, கல்லூரிப் பெயரைக்கூட விடாமல் வாசித்தேன்.