அரைக்கைக்கு அனுமதி

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கணக்கர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அவர் முதுகு முழுக்க வேர்க்குரு. நாற்காலியில் சாய்ந்தால் ஆயிரம் ஊசி. அப்படிப்பட்ட மனிதரிடம் போய் வாயை மூடிக்கொண்டிரு என்றால் எப்படி?

சரக்குகளுக்குக் காப்பீடு எடுத்துக் கொடுக்கும் அலுவலகம் அது. மொட்டை மாடிக்கு நேர் கீழே, கடைசித் தளத்தில். மதியமானால் கூரை அடுப்பில் வைத்த தோசைக்கல்தான். ஏசி கோடை தொடங்கும்போதே படுத்துவிட்டது. கட்டட உரிமையாளரைக் கேட்டால், "ஆள் வந்துக்கிட்டே இருக்கான்" என்பார். அந்த ஆள் எந்தத் தேசத்திலிருந்து நடந்து வருகிறானோ தெரியாது. இந்த அழகில் ஆண்கள் எல்லோரும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை அணிய வேண்டும், கழுத்தில் டை கட்ட வேண்டும் என்பது மேலாளர் போட்ட சட்டம். அதனாலேயே அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'முழுக்கை' என்று பெயர்.

"சார், அரைக்கைச் சட்டையும் ஆபீஸ் சட்டைதான் சார். ஒழுங்கா போட்டா கம்பீரமாவே இருக்கும்" என்று கணக்கர் சொல்லிவிட்டார்.

முழுக்கை கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "அப்படியா? நாளைக்கு நீங்களே போட்டுட்டு வாங்க. வர்ற கஸ்டமர்ல ஒருத்தராவது உங்களை ஆபீஸர் இல்லன்னு நெனச்சா, இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது. நான் இங்க இருக்கிற வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது."

அவர் ஓய்வு பெற இன்னும் ஆறு கோடை இருந்தது. மொத்த அலுவலகமும் கணக்கரையே பார்த்தது. கர்சீப்பை நனைத்துக் கழுத்தில் போட்டிருந்த கவுன்டர் பையன் கையெடுத்துக் கும்பிட்டே விட்டான். "அண்ணே, எங்க உயிர் உங்க கையில" என்றாள் பக்கத்து மேசைத் தட்டச்சுப் பெண். அரைக்கை வந்தால் அவளுக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள். நாலு பக்கமும் வேர்த்து நாறும் டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவள் அவள்தானே!

கணக்கரின் மனைவி ஒரு சட்டைக் கடையில் வெட்டுக்காரி. கத்தரி அவள் கையில் இருந்தால் துணி தானாகப் பிளக்கும் என்று பேர். அந்தத் திமிரில்தான் அன்று இரவு வினை வந்தது.

"புதுசா தைக்க எங்க நேரம் இருக்கு? அந்த சாம்பல் முழுக்கையைக் கொண்டாங்க. கையை நறுக்கி மடிச்சு அடிச்சா முடிஞ்சுது" என்றாள். சொன்னபடி ஒரே நிமிடத்தில் வெட்டி, இன்னொரு நிமிடத்தில் மடித்துத் தைத்துத் தூக்கிப் போட்டாள். போட்டுக்கூடப் பார்க்கவில்லை. கணக்கர் மறுநாள் அதை மாட்டி, அதன் மேல் டையையும் கட்டிக்கொண்டு கிளம்பினார். டை கட்டினால் மரியாதை கூடும் என்பது அவருடைய சொந்த மூளை.

முழுக்கைச் சட்டையின் கை மேலே அகலமாகத் தொடங்கி மணிக்கட்டுக்குப் போகப் போகத்தான் ஒடுங்கும். பாதியில் வெட்டினால் மிச்சமாவது அந்த அகலம் மட்டும். கணக்கரின் இரண்டு பக்கமும் இரண்டு குடை விரிந்து நின்றது. தோள் தையல் வேறு பழைய சட்டையாதலால் தோளைத் தாண்டித் தொங்கியது. போதாததற்கு அந்த வெளிர் சாம்பல் துணி, பாதி பாலியஸ்டர். பத்து மணிக்கெல்லாம் அக்குளில் ஈரம் கருத்துப் பரவி, முதுகில் வேறு தனியாக ஒரு குளம் கட்டியது.

பதினொரு மணிக்கு ஒரு அம்மாள் கைப்பையோடு வந்தார். கணக்கரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, லிஃப்ட்டை கொஞ்சம் கீழ இறக்கி விடுறியா? பாலிசி பேப்பரைக் கார்லயே மறந்துட்டு மேல வந்துட்டேன்" என்றார்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்ட ஆளே கிடையாது. அப்படியும் அந்த அம்மாளுக்கு அவர் லிஃப்ட்காரராகத் தெரிந்திருக்கிறார்! கண்ணாடி அறைக்குள் முழுக்கை தலையை ஆட்டினார். சிரிக்கக்கூட இல்லை, அதுதான் இன்னும் எரிந்தது. அன்று முழுக்கத் தட்டச்சுப் பெண் கணக்கரோடு பேசவில்லை. கவுன்டர் பையன் கர்சீப்பை அவர் எதிரிலேயே பிழிந்து காட்டினான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மனைவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"லிஃப்ட்காரனா? என் கத்தரி பட்ட சட்டையைப் பாத்தா?"

"ஆமா. உன் கத்தரிதான்."

"தப்பு என் பேர்லதாங்க. திமிர்ல வெட்டிட்டேன். ஆனா அதுக்கு மேல டையை யாரு கட்டச் சொன்னா? அரைக்கைக்கு டை கட்டினா ஸ்கூல் பையன் மாதிரி இருக்காதா?" என்று பாதிப் பழியை நைசாக அவர் தலையில் கட்டினாள். "நில்லுங்க. அளவெடுக்கிறேன்."

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. தோள் தையல் தோள் எலும்பின் முனையிலேயே உட்கார்ந்தது. கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கொஞ்சம் கீழே வந்து நின்றது. கை வாயில் இரண்டு விரல் நுழைகிற இடம், அதற்கு மேல் கிடையாது. அக்குள் வெட்டை மேலே ஏற்றினாள். அப்போதுதான் கையைத் தூக்கினால் சட்டை மொத்தமும் பேன்ட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வராது. துணி சுத்தமான பருத்தி, மெல்லிசு, ஆனால் நெருக்கமான நெசவு. நிறம் வெள்ளையில் பொடிக் கட்டம்.

"வெளிர் சாம்பல், வெளிர் நீலமெல்லாம் வேர்வையைக் காட்டிக் குடுத்துடும். இது காட்டாது" என்றாள். "டை கிடையாது. அதனால காலர் தானா நிக்கணும், உள்ள விறைப்புத் துணி வச்சிருக்கேன். மேல் பட்டன் ஒண்ணைத் திறந்து விடுங்க. அடர் சாம்பல் பேன்ட்டு, லேசான துணியில. தொளதொள பேன்ட்டைப் போட்டீங்க, கொன்னுடுவேன். பெல்ட்டும் ஷூவும் ஒரே பழுப்பு. பாக்கெட்ல நாலு பேனா சொருகாதீங்க."

"நான் கணக்கர்மா."

"பேனாவை டிராயர்ல வைங்க."

பேச்சு முடிந்துவிட்டது என்று மேலாளர் சொன்ன பிறகும் வெள்ளிக்கிழமை கணக்கர் அந்தச் சட்டையோடு போனார். வேலை போனாலும் போகட்டும், முதுகு பிழைக்கட்டும் என்ற நிலைமை. அன்று பெரிய கப்பல் கம்பெனிக்காரர் ஒருவர் வந்திருந்தார். கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்த மனிதர் நேராகக் கணக்கரிடம் வந்து கைகுலுக்கி, "நீங்கதானே மேனேஜர்?" என்றார்.

உள்ளிருந்து மணி அடித்தது. கணக்கர் சாமியை நினைத்துக்கொண்டே கண்ணாடி அறைக்குள் போனார்.

"கதவைச் சாத்துங்க. அந்தத் திரையையும் இழுத்து விடுங்க" என்றார் முழுக்கை.

போச்சு என்று நினைத்தார் கணக்கர். ஆனால் மேலாளர் கத்தவில்லை. இடது மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். சட்டைக் கையை மெல்ல, மெல்ல, முழங்கைக்கு மேலே சுருட்டினார். உள்ளே இருந்தது ஒரு கை. ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. அவ்வளவு பெரிய குரலுக்கும் மீசைக்கும் சம்பந்தமே இல்லாத கை. வெயிலே காணாமல் வெளுத்துப் போயிருந்தது.

"காலேஜ்ல என் பேரு தீக்குச்சி" என்றார். "ஒரு நாள் அரைக்கை போட்டுட்டுப் போனேன். கிளாஸே எழுந்து நின்னு சிரிச்சுது. அன்னைக்கு மூடினதுதான் இந்தக் கை. நான் மட்டும் முழுக்கை போட்டா ஏன்னு கேப்பாங்கல்ல? அதான் எல்லாரையும் போடச் சொன்னேன்."

கணக்கருக்கு ஒரு நொடி ஆத்திரம் பொங்கியது. இந்தக் குச்சிக் கைக்காகவா என் முதுகு வெந்தது! அடுத்த நொடி அந்த ஆளின் முகத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் எதிரில் நிற்கிற பையன் மாதிரி நின்றார் மேலாளர். கோபம் எங்கேயோ போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க சார்" என்றார் கணக்கர்.

வந்தார். கணக்கரின் மனைவி கையை அளந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை.

"யாரோ தொளதொளன்னு தச்சுக் குடுத்திருப்பாங்க. மணிக்குள்ள நாக்கு ஆடுற மாதிரி ஆடியிருக்கும்" என்றாள். "ஒல்லிக் கைக்கு வாயை ஒடுக்கணும், ஒரு விரல் இடம் போதும். ஓரத்துல அகலமா ஒரு மடிப்பு. கொஞ்சம் விறைப்பான பருத்தி, கையில ஒட்டாது. முழங்கை வரைக்கும் நீட்டி மறைக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, அப்போதான் இன்னும் குச்சியாத் தெரியும். உங்களுக்குக் கறுநீலம் எடுப்பா இருக்கும்."

"சிரிப்பாங்களேம்மா."

"சிரிச்சா என்கிட்ட அனுப்புங்க. கத்தரி இருக்கு."

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்பே வரும் மேலாளர் அன்று கடைசியாக வந்தார். கறுநீல அரைக்கைச் சட்டை, வெளிர் பழுப்புப் பேன்ட், கழுத்தில் டை இல்லை. ஒரு பெரிய ஃபைலை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். தட்டச்சுச் சத்தம் நின்றது. கணக்கர் கண்ணாலேயே எல்லோரையும் மிரட்டினார், எவனாவது சிரித்தால் தொலைந்தான்.

அவர் கதை எதுவும் தெரியாத கவுன்டர் பையன்தான் எழுந்தான். "சார்! இந்தச் சட்டையை எங்க தச்சீங்க? எனக்கும் ஒண்ணு வேணும் சார்" என்றான். மெய்யாகவே கேட்டான்.

மேலாளர் அவன் முகத்தையே பார்த்தார். கேலி இருக்கிறதா என்று தேடினார், கிடைக்கவில்லை. ஃபைலை மெதுவாக மேசைமேல் வைத்தார். நாலடி நடந்து, மின்விசிறிக்கு நேர் கீழே வந்து, இரண்டு கைகளையும் லேசாக விரித்தார். கையிலிருந்த மெல்லிய முடிகள் அசைந்தன. கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றவர், "கணக்கரே" என்றார், கண்ணைத் திறக்காமலே. "காத்து கையில படுதுய்யா."