மெழுகுவத்தி வெளியே

மரியதாசின் கட்டிலைச் சுற்றி மாதா கோயில் அன்பியக் குழுப் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஆக்சிஜன் மெஷின் நின்று கீகீ என்று கத்தியது. ஜெசிந்தா கணவனின் மூக்குக் குழாயை மெஷினிலிருந்து கழற்றி, தயாராக வைத்திருந்த சிலிண்டரில் மாட்டி, டாக்டர் சொன்ன இரண்டு லிட்டருக்குத் திருகினாள்.

நிமிர்ந்தால், ஆனந்தம்மாள் கையில் மெழுகுவத்தியும் தீப்பெட்டியும்!

"ஐயோ அக்கா, கிழிக்காதீங்க!" என்று பாய்ந்து பிடுங்கினாள்.

"மாதாவுக்கு ஏத்துறதுடி. உனக்கு என்ன வந்துது?"

"அவரு துணி, மெத்தை எல்லாத்துலயும் ஆக்சிஜன் ஏறியிருக்கும். ஒரு பொறி பட்டாப் போதும், குப்புனு புடிச்சிக்கும். வெளியில போய் ஏத்துங்க."

ஆனந்தம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியேறினாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். ஜெசிந்தா ஜன்னலைத் திறந்தாள். உப்பளத்துக் காற்று உள்ளே அடித்தது.

"ஜெசி" என்றான் மரியதாஸ். தலையணை உறைக்குள் கையை விட்டு, ஒரு பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து அவள் கையில் வைத்தான். மெஷின் வந்த அன்றே மாதா மேல் சத்தியம் செய்து, விட்டுவிட்டதாகச் சொன்ன பீடி.

தீப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூன்றே குச்சிகள் மிச்சமிருந்தன.